பாலத்தூணில் தெரியும் பழைய மணல் மட்டம்

பாலத்தை ஆய்வு செய்யப் போகும்போது மேல்தளத்துக்கு முன்பாக நான் தூணின் அடியைத்தான் பார்ப்பேன். மணலுக்குள் புதைந்திருந்த பகுதி நிறம் மாறித் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து இன்றைய மணல் வரை அளந்தால் படுகை எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பது விளங்கிவிடும். தூணைத் தாங்குவதற்காகக் கிணறு வடிவில் மண்ணுக்குள் இறக்கப்பட்ட கிணற்று அடித்தளத்தின் தலைப்பகுதி கோடையில் வெளியே தெரிகிறது என்றால் உடனே கவலைப்பட வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். கிணற்று அடித்தளம் படுகைக்குக் கீழே 15 மீட்டர் இறங்கியிருக்கிறது. பெருவெள்ளத்தில் தூணைச் சுற்றி 8 மீட்டர் அரிக்கும் என்றால், மீதி 7 மீட்டர் மண் அதைப் பிடித்திருக்கும். மணல் அள்ளியதால் படுகை 3 மீட்டர் தாழ்ந்துவிட்டால், அதே அரிப்புக்குப் பின் பிடிமானம் 4 மீட்டர்தான். கிணற்றைச் சாயவிடாமல் தாங்கும் மண்ணின் எதிர்ப்பு ஏறத்தாழ ஆழத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறுவதால், அது 49-க்கு 16 என்ற அளவில், மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

பாலத்திலிருந்து 500 மீட்டருக்குள் மணல் எடுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டு விதி சொல்கிறது. ஆனால் பள்ளம் தோண்டிய இடத்திலேயே நிற்பதில்லை. ஓடிவரும் நீர் பள்ளத்தின் மேல்விளிம்பில் சரிந்து விழுந்து அதை அரித்தரித்து மேல்நோக்கி நகர்த்துகிறது. சுமந்துவந்த மணலைப் பள்ளத்தில் இறக்கிவிட்ட நீரோ கீழ்ப்பகுதிப் படுகையை அரித்து அந்தக் குறையை ஈடுசெய்கிறது. ஆகவே விதியை மீறாத குவாரியும் காலப்போக்கில் பாலத்தை எட்டக்கூடும்.

திருச்சிக் கொள்ளிடத்தில் 1928-இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் இறங்கி, ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. புதிய பாலம் வந்துவிட்டதால் பழைய பாலத்தில் அப்போது போக்குவரத்து இல்லை. தொண்ணூறு வயதுப் பாலத்தின் வீழ்ச்சியை மணல் அள்ளியதன் மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. எனினும் விழுந்த விதம் அடித்தளத்தைத்தான் சுட்டுகிறது.

இத்தகைய அரிப்பைக் கோடையில் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் வெள்ளம் வடியும்போது அரிபட்ட குழியைத் தளர்ந்த மணல் மூடிவிடும். அது பார்வைக்குப் படுகை போலிருந்தாலும் தாங்காது. வெள்ளம் ஓடும்போதே தூணருகில் ஆழம் அளப்பதுதான் நம்பத்தக்க வழி.

படுகை தாழும்போது கரையின் உயரமும் கூடுகிறது. வெள்ளம் சட்டென வடிந்ததும், நீரூறிக் கனத்த கரை, அடியில் தாங்கலின்றிப் பாளமாகச் சரிகிறது. கரையோரக் கிணறுகளின் நீரும் தாழ்ந்த ஆற்றை நோக்கிக் கசிந்து இறங்குகிறது. ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் மணலை அகற்றினால், அது நிறைந்திருக்கும்போது கிணற்றுக்குத் தரக்கூடிய சுமார் 20 லட்சம் லிட்டர் நீருக்கான இடமும் அத்துடன் போய்விடுகிறது.