பழைய போன் வாங்கும் கடைக்காரர் எழுத வேண்டிய கொள்முதல் பதிவேடு

சர்வீஸ் கடைக்கு வரும் வாடிக்கையாளர் சிலர், "சரிசெய்ய வேண்டாம், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று போனை விற்றுவிட்டுப் போவார்கள். அது திருட்டு போனாக இருந்தால் கடைக்காரர் மீதும் வழக்கு வரலாம். பாரதிய நியாய சம்ஹிதை 317-ஆம் பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்று வாங்கினால் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பழைய ஐபிசி 411-க்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது இதுதான். "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் மட்டும் போதாது. திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்ததா என்றும் பார்ப்பார்கள். வாங்கிய அன்றே எழுதிய பதிவேடு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்.

முதல் வேலை ஐஎம்இஐ எண்ணைப் பார்ப்பது. போனில் `*#06#` அழுத்தினால் எண் வரும். இரட்டை சிம் போனில் இரண்டு எண்கள் இருக்கும், இரண்டையும் பார்க்க வேண்டும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி செயலியிலோ, குறுஞ்செய்தியிலோ இதைச் சரிபார்க்கலாம். செய்தியை இந்த வடிவில் 14422 என்ற எண்ணுக்கு அனுப்புங்கள்:

```
KYM 15-இலக்க-எண்
```

எண் முடக்கப்பட்டதா என்பதோடு, அது எந்த நிறுவனத்தின் எந்த மாடலுக்கு உரியது என்பதும் பதிலில் வரும். பலர் மாடலைப் பார்ப்பதில்லை. கையில் இருப்பது ஒரு மாடல், பதிலில் வருவது வேறு மாடல் என்றால், போர்டு மாற்றியிருக்கிறார்கள் அல்லது எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த போனை வாங்கவே கூடாது. எண்ணைத் திருத்துவது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி தனிக் குற்றம். 2025-இல் திருத்தப்பட்ட தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகளும், பழைய போன் வாங்கி விற்பவர்கள் முடக்கப்பட்ட எண்களின் பட்டியலைப் பார்த்த பிறகே வாங்கவோ விற்கவோ வேண்டும் என்கின்றன.

இந்தச் சோதனைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. போனைப் பறிகொடுத்தவர் போலீசில் புகார் கொடுத்து, முடக்கக் கோரி விண்ணப்பித்த பிறகுதான் எண் பட்டியலில் ஏறும். காலையில் பேருந்தில் பறிபோன போன் மாலையில் உங்கள் மேசைக்கு வந்தால், சோதனையில் சுத்தமாகத்தான் காட்டும். அதனால் விற்பவரையும் பதிவு செய்வது அவசியம்.

உதாரணமாக, சந்தையில் 9,000 ரூபாய் போகும் போனை ஒருவர் பெட்டியும் பில்லும் இல்லாமல் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 3,500 கொடுத்தால் போதும் என்கிறார். இங்கே விலையே உங்களுக்கு எதிரான சாட்சி. இவ்வளவு மலிவாக ஏன் விற்கிறார் என்று கேட்காமல் வாங்கினால், திருட்டு போன் என்று நம்பக் காரணம் இருந்தது என்று அதை வைத்தே வாதிடலாம். ஸ்கிரீன் லாக்கை அவரே திறக்க வேண்டும், கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ அவரே கடவுச்சொல் போட்டு நீக்க வேண்டும். "அண்ணன் போன், பின் தெரியாது" என்றால், அண்ணனோடு வரச் சொல்லி அனுப்புங்கள். 18 வயது நிரம்பாதவரிடம் வாங்கவே வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தால் எழுதத் தொடங்கலாம். பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டுப் புத்தகம் நல்லது, ஏனென்றால் தாள் கிழித்தால் தெரிந்துவிடும். தேதி, நேரம், மாடல், நிறம், இரண்டு ஐஎம்இஐ எண்கள், விரிசல் கீறல், சோதனையில் வந்த பதில், விலை, விற்பவரின் பெயர், முகவரி, கையெழுத்து ஆகியவை ஒரே வரிசையில் இருக்கட்டும். அடையாளச் சான்றின் அசலைப் பார்த்த பிறகே நகல் வாங்குங்கள். ஆதார் என்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட நகலே போதும். கைபேசி எண்ணை அவர் சொல்ல நீங்கள் எழுதாமல், அந்த எண்ணிலிருந்து உங்களுக்கு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐயில் அனுப்பினால், திரையில் வரும் பெயர் அடையாளச் சான்றோடு ஒத்துப்போகிறதா என்பதும் தெரிந்துவிடும். எழுதியதில் பிழை வந்தால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியாக எழுதுங்கள். மேலெழுதினால் பதிவேட்டின் மதிப்பே போய்விடும்.

போன் கடையை விட்டு வெளியே போவதையும் எழுத வேண்டும். சர்வீஸ் கடைகளில் பதிவு அறுந்துபோவது இங்கேதான். பழைய போனைப் பிரித்து டிஸ்பிளேவை ஒருவருக்கும் கேமராவை இன்னொருவருக்கும் போட்டுவிட்டால், பிறகு போலீஸ் கேட்கும்போது காட்ட எதுவும் இருக்காது. எந்தப் பாகம் எந்த ஜாப் கார்டுக்குப் போனது என்று அதே வரிசையில் குறியுங்கள். வாங்கிய போனை ஒரு வாரம் பிரிக்காமல் வைத்திருந்து, விற்கும் முன் ஐஎம்இஐயை மறுபடி சோதித்தால், தாமதமாகப் பட்டியலில் ஏறிய பல போன்கள் சிக்கிவிடும்.

பதிவேடு வழக்கிலிருந்து காக்கும், போனைக் காக்காது. திருட்டு என்று தெரிந்தால் போலீஸ் கைப்பற்றி, நீதிமன்றம் வழியாக உரியவரிடம் சேர்ப்பார்கள். உங்கள் பணத்தை விற்றவரிடம்தான் கேட்க முடியும், அதற்கு அந்த மிஸ்டு கால் எண்ணும் யுபிஐ பரிவர்த்தனை எண்ணும் வேண்டும். போனை ஒப்படைக்கும்போது கைப்பற்றல் மகஜரின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பதிவேட்டைக் கேட்டால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே கொடுங்கள்.