கார்டை பிளாக் செய்த பிறகும் பணம் போனது

வங்கியில் மோசடிப் புகார்களைக் கவனிக்கும் பிரிவில் இருக்கிறேன். ஓர் அம்மாவுக்கு இரவு 9.10க்கு, தாம் செய்யாத பணப் பரிமாற்றம் பற்றிக் குறுஞ்செய்தி வந்தது. பதறிப்போய் வங்கிச் செயலியில் கார்டை பிளாக் செய்தார். அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டார். 9.25க்கு இரண்டாவது தொகை போனது, 9.31க்கு மூன்றாவது.

கார்டு முடங்கித்தான் இருந்தது. ஆனால் பணம் போனது நெட் பேங்கிங் வழியாக. கார்டைப் பூட்டினால் அந்த வழி அடைபடாது.

அதனால் பணம் எந்த வழியாகப் போனது என்று முதலில் பாருங்கள். குறுஞ்செய்தியில் உள்ள லிங்கைத் தொடாமல், செயலியைத் தனியாகத் திறந்து பாருங்கள். செய்தியே போலியாக இருக்கலாம். கடைப் பெயர் இருந்தால் பெரும்பாலும் கார்டு. வேறொருவர் கணக்குக்குப் போயிருந்தால் நெட் பேங்கிங்கோ மொபைல் பேங்கிங்கோ. புரியவில்லையா, ஆராய்ந்துகொண்டு உட்காராதீர்கள், எல்லாவற்றையும் முடக்கச் சொல்லிவிடுங்கள்.

உடனே வங்கிக்கு போன் போடுங்கள். எண்ணை கார்டின் பின்புறத்திலிருந்தோ செயலியிலிருந்தோ எடுங்கள். இணையத்தில் தேடினால் மோசடிக்காரர்களே போட்டு வைத்திருக்கும் எண் கிடைக்கலாம். நடந்த கதையை ஆதியிலிருந்து சொல்ல வேண்டாம். "நான் செய்யாத பரிவர்த்தனை. இன்ன நேரம், இன்ன தொகை, இதன் பரிவர்த்தனை எண் இது. நெட் பேங்கிங்கையும் முடக்குங்கள். பணம் பெற்ற வங்கிக்குச் சொல்லி நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்" என்றால் போதும். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். பின்னால் எப்போது சொன்னீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்லும் கோரிக்கையில்தான் அவசரமே இருக்கிறது. திருடிய பணம் முதல் கணக்கில் தங்காது; அங்கிருந்து இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று பிரிந்து ஓடும். எந்தக் கணக்கில் மிச்சம் இருக்கிறதோ, அதைத்தான் நிறுத்த முடியும். அந்த அம்மா எங்களை அழைத்தது 9.40க்கு. முதல் இரண்டு தொகையும் கைமாறிவிட்டன. மூன்றாவது மட்டும் அங்கேயே கிடந்தது, பிடித்துவிட்டோம்.

புகார் கொடுத்த பிறகு பாஸ்வேர்டுகள். யார் சொல்லியாவது, போனைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியைப் போட்டிருந்தால், முதலில் இணையத்தைத் துண்டித்துவிட்டு வேறு கருவியில் மாற்றுங்கள். முதலில் மாற்ற வேண்டியது மின்னஞ்சலின் பாஸ்வேர்டை. அது அவர்கள் கையில் இருந்தால், வங்கிப் பாஸ்வேர்டை மாற்றுவதற்கான இணைப்பும் பல இடங்களில் அங்கேதான் வந்து விழும். போனில் திடீரென சிக்னல் இல்லாமல் போயிருந்தால் சிம் நிறுவனத்தையும் கேளுங்கள். உங்கள் எண்ணில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கலாம்.

மின்னஞ்சலில் இன்னொன்றும் பார்க்கச் சொல்வேன், பலர் பார்ப்பதில்லை: ஃபில்டர் அமைப்பு. வங்கியிலிருந்து வருவதெல்லாம் நேராகக் குப்பைக்குப் போகும்படி அந்த அம்மாவின் கணக்கில் ஒரு ஃபில்டர் போடப்பட்டிருந்தது. பணம் அனுப்புவதற்கான பட்டியலில் புதிய பயனாளி சேர்க்கப்பட்டதாக இரண்டு நாள் முன்பே வங்கி அனுப்பிய எச்சரிக்கை, படிக்கப்படாமல் அங்கேதான் கிடந்தது.