ஒரே ஓர் ‘இல்ல’: பேச்சு மின்னஞ்சலாகும்போது என்ன நடக்கிறது?

கம்பம்மெட்டு ஏறிப் போனால் வரும் கேரளத்து வண்டன்மேட்டில், ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போடி வியாபாரிக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது. தட்டச்சு அவருக்கு ஒத்துவராது. போனில் மைக்கை அழுத்திவிட்டுப் பேசினார். திரையில் விழுந்தது இது:

“அண்ணே வணக்கம் சீக்கிரம் அனுப்புன்னு சொன்னீங்க அது வந்து மழைல வெறகு ஈரம் ஸ்டோர்ல காய் காய லேட்டாயிருச்சு ஏழு மில்லி இல்ல எட்டு மில்லி இருக்கு நூத்தி இருவது கிலோ வியாழக்கிழமை இல்ல வெள்ளிக்கிழமை வண்டில போட்டு விடுறேன் சாக்கு மட்டும் குடுத்து விடுங்க”

‘மில்லி’ என்பது காயின் பருமன், மில்லிமீட்டரில். புள்ளி இல்லை, பத்தி இல்லை. இதை ஒழுங்கான கடிதமாக்கப் பல செயலிகளில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. முதல் கட்டம் காதின் வேலை. ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, எந்தச் சொல்லாக இருக்கும் என்று கணித்து எழுதும். இரண்டாவது கட்டம், எழுத்தைப் படித்துப் பழகிய கணினி நிரலான மொழி மாதிரியின் வேலை. அதன் முன்னால் இருப்பது எழுத்து மட்டும்தான். நண்பரின் குரலை அது கேட்பதில்லை.

அப்படியானால் முற்றுப்புள்ளியை எங்கே வைப்பது? பேச்சில் விழுந்த இடைவெளியை மட்டும் நம்பிப் பயனில்லை, ஏனென்றால் நாம் மூச்சு வாங்கவும் யோசிக்கவும் வாக்கியத்தின் நடுவிலும் நிறுத்துகிறோம். தமிழில் நல்ல தடயம் வினையில் இருக்கிறது. ‘ஆயிருச்சு’, ‘விடுறேன்’ என்று வினைமுற்று வந்தால் வாக்கியம் அங்கே முடிந்திருக்கலாம். ‘போட்டு’ என்பது எச்சம், எனவே இன்னும் ஏதோ வர இருக்கிறது. இதிலும் ஒரு கண்ணி உண்டு. ‘அனுப்பு’ முற்றுதான், ஆனால் பின்னால் ‘ன்னு’ ஒட்டியிருப்பதால் அது வியாபாரியின் பேச்சாகி, பெரிய வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது. இந்த விதிகளை யாரும் மாதிரிக்கு எழுதிக் கொடுக்கவில்லை. எக்கச்சக்கமான எழுத்தைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எது வரும் என்று பழகியதில் இவையும் கூடவே வந்துவிட்டன.

அடுத்தது வெட்டும் வேலை. ‘அது வந்து’ போவதில் யாருக்கும் வருத்தமில்லை. ‘வியாழக்கிழமை இல்ல வெள்ளிக்கிழமை’ என்பது திருத்தம்: பிழையான சொல், திருத்தப் போகிறேன் என்ற அறிவிப்பு, சரியான சொல். முதல் இரண்டையும் நீக்கினால் வெள்ளி மிஞ்சும். பிறகு வரிசை. நாம் நினைவு வந்த வரிசையில் பேசுகிறோம். படிப்பவருக்கோ சரக்கு எவ்வளவு, எப்போது வரும், தான் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் முதலில் வேண்டும். மாதிரி முழுப் பேச்சையும் சேர்த்துப் பார்த்து, காரணத்தைக் கடைசிக்குத் தள்ளியது:

“அண்ணே, வணக்கம். 8 மில்லி காய் 120 கிலோ இருக்கிறது. வெள்ளிக்கிழமை வண்டியில் அனுப்புகிறேன். சாக்கு மட்டும் கொடுத்து விடுங்கள். மழையில் விறகு ஈரமானதால் காய் உலரத் தாமதமாகிவிட்டது.”

அழகான கடிதம். அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: “ஏழு மில்லி எத்தனை கிலோ?”

நண்பர் அதைச் சொல்லியிருந்தாரே! ‘ஏழு மில்லி இல்ல’, அதாவது கைவசம் இல்லை. ‘எட்டு மில்லி இருக்கு’ என்பது அடுத்த வாக்கியம். மாதிரி அந்த ‘இல்ல’வையும் கிழமைக்கு வந்த ‘இல்ல’ போலத் திருத்தமாக எடுத்துக்கொண்டு, ஏழு மில்லியையே அழித்துவிட்டது. எழுத்தில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். வித்தியாசம் குரலில் இருந்தது. திருத்தும்போது ‘இல்ல’ அவசரமாக வந்து அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். இருப்பை மறுக்கும்போது குரல் இறங்கி அங்கேயே நிற்கும். அது காதின் கட்டத்தோடு போய்விட்டது.

பக்கத்துத் தோட்டத்து மலையாளிக்கு இந்தச் சிக்கல் குறைவு என்பதுதான் வேடிக்கை. அவர் பேச்சைத் திருத்த ‘அல்ல’ என்பார், சரக்கு இல்லாததற்கு ‘இல்ல’ என்பார். ‘அல்ல’ நம்மிடமும் இருக்கிறது, ஆனால் எழுத்தோடு சரி. பேச்சில் ஒரே ‘இல்ல’ இரண்டு வேலையையும் பார்க்கிறது.

இப்படிப்பட்ட பிழையைக் கடிதத்தை மட்டும் படித்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அழிந்த இடத்தில் தையல்கூடத் தெரியாது. பேசிய மூலத்தை எடுத்து, அதிலுள்ள எண்களையும் ‘இல்ல’க்களையும் மட்டும் விரலால் தொட்டு, ஒவ்வொன்றும் கடிதத்தில் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். இந்தப் பேச்சில் அப்படித் தேட நாலைந்து இடங்கள்தான்.

நண்பர் அதற்கும் சோம்பல்பட்டு வேறு வழி கண்டுபிடித்தார். இப்போதெல்லாம் சரக்கு இல்லையென்றால் மைக்கில் “ஏழு மில்லி கிடையாது” என்கிறார். ‘கிடையாது’வைச் சொல்லி யாரும் பேச்சைத் திருத்துவதில்லை.