மாலையில் மட்டும் விழுந்த ஆக்சஸ் பாயின்ட்

அந்த வைஃபை ஆக்சஸ் பாயின்ட் காலையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். மாலை ஆட்கள் கூடியதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து எழும். ஃபர்ம்வேர் மாற்றிப் பார்த்தாகிவிட்டது, பெட்டியையே மாற்றியும் பார்த்தாகிவிட்டது, புதுப் பெட்டியும் அதே நேரத்துக்கு அதே மாதிரி விழுந்தது. என்னைக் கூப்பிட்டபோது அவர்கள் சொன்ன ஒரு தகவல்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "முதலில் சுவிட்சிலிருந்து நேராகக் கரண்ட் போச்சு, அப்பவும் இதே கதை, அதனாலதான் இன்ஜெக்டர் போட்டோம், அப்புறமும் இதே கதை." இன்ஜெக்டர் என்றால் நெட்வொர்க் கேபிளுக்குள் மின்சாரம் ஏற்றும் தனிப் பெட்டி. இரண்டு தடவையும் நோய் ஒன்றுதான் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அது தப்பு.

முதல் கதையைப் பார்ப்போம். சுவிட்சில் 8 போர்ட், எல்லாவற்றிலும் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் பிஓஇ வசதி உண்டு, 802.3at தரநிலை என்று எழுதியிருந்தது. அதாவது ஒரு போர்ட் 30 வாட் வரை தரும். ஆனால் பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் மொத்த பட்ஜெட் 60 வாட் என்று இருந்தது. எட்டு போர்ட்டும் ஒரே சட்டியிலிருந்துதான் அள்ளுகின்றன, அந்தச் சட்டி இரண்டு பேருக்குத்தான் வயிறு நிறையப் போதும். இவர்கள் மூன்று ஆக்சஸ் பாயின்ட் மாட்டியிருந்தார்கள்.

802.3at சுவிட்ச் எதுவும் கண்ணை மூடிக்கொண்டு கரண்ட் கொடுக்காது. கரண்ட் கொடுப்பதற்கு முன் 10 வோல்ட்டுக்குக் கீழே லேசாகத் தொட்டுப் பார்த்து, எதிரே சுமார் 25 கிலோஓம் தடை தெரிகிறதா என்று சோதிக்கும். தெரிந்தால் இது பிஓஇ சாதனம் என்று அர்த்தம். அடுத்து அது எந்த கிளாஸ், அதாவது அதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கேட்கும். சில சுவிட்சுகள் கறாரானவை, கிளாஸ் 4 என்று பதில் வந்தால் 30 வாட்டை அதன் பேரில் ஒதுக்கி வைத்துவிடும். அப்படிப்பட்ட சுவிட்சாக இருந்திருந்தால் மூன்றாவது பெட்டி எழுந்தே இருக்காது, அன்றைக்கே விஷயம் புரிந்திருக்கும். இவர்களுடைய சுவிட்ச் தாராள குணம் கொண்டது, இப்போது உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்பதை மட்டும் கூட்டிப் பார்ப்பது. சும்மா இருக்கும்போது ஒவ்வொன்றும் 9 வாட்தான் இழுத்தது, மூன்றும் சேர்ந்து முப்பதைத் தொடவில்லை. மாலையில் ரேடியோக்கள் முழு வீச்சில் அனுப்பத் தொடங்கியதும் ஒவ்வொன்றும் 22 வாட், அதோடு கேபிளில் சூடாகிப் போகிற கரண்டையும் சுவிட்சே கொடுக்க வேண்டும். கூட்டுத்தொகை அறுபதைத் தாண்டியதும், முன்னுரிமை குறைந்த போர்ட்டை சுவிட்ச் வெட்டிவிட்டது. வெட்டியதும் இடம் காலியாகும், திரும்பக் கொடுக்கும், அது பூட் ஆகி ஆட்கள் ஒட்டிக்கொண்டதும் திரும்ப வெட்டும்.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. சுவிட்சின் நிர்வாகப் பக்கத்தில் பிஓஇ பகுதியையும் லாகையும் பார்த்தால் போதும், கட்டளை வழி உள்ள பல சுவிட்சுகளில் இப்படி:

```
show power inline
```

போர்ட்டில் மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று சுவிட்சே எழுதி வைத்திருந்தால் முதலில் பட்ஜெட்டைக் கணக்குப் போடுங்கள். யாரும் இந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை, நேராக ஒரு இன்ஜெக்டரை வாங்கி மூன்றாவது பெட்டிக்கு மட்டும் தனியாகக் கொடுத்துவிட்டார்கள். எண்ணம் சரிதான், பட்ஜெட் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

எந்தக் கம்பியும் மின்சாரத்தை முழுதாகக் கொண்டு சேர்ப்பதில்லை. தரநிலையே இதை ஒத்துக்கொள்கிறது: 30 வாட் போர்ட் என்றால் மறுமுனையில் உறுதியாகக் கிடைப்பது 25.5 வாட், மீதி வழிச்செலவு. அந்த வழிச்செலவு கம்பியின் தடையைப் பொறுத்தது. இங்கே கேபிள் நீளம் 80 மீட்டர், 100 மீட்டர் எல்லைக்குள்தான். இரு முனையையும் கழற்றிவிட்டு, மறுமுனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கி, இந்த முனையில் மல்டிமீட்டர் வைத்தேன். சுத்தமான செம்பாக இருந்தால் 13லிருந்து 15 ஓம் வரை காட்டியிருக்க வேண்டும், 23 காட்டியது. ஒரு கம்பியின் நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு! டேட்டா இதில் ஓடிவிடும், லிங்க் விளக்கும் பச்சையாக எரியும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

பிஓஇ ஒரு ஜோடியின் இரண்டு கம்பியிலும் சேர்ந்து போய், இன்னொரு ஜோடியின் இரண்டிலும் சேர்ந்து திரும்புவதால், மின்சாரம் பார்க்கும் தடை இதில் பாதிதான். கனெக்டர், பேட்ச் கார்டு எல்லாம் சேர்த்து 12 ஓம் என்று வைத்துக்கொண்டேன். (கிரிம்ப் சரியில்லாமல் ஒரு கம்பி மட்டும் தொடாமல் போனால் அந்த ஜோடியின் தடை இரட்டிப்பாகும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

அடுத்தது இன்ஜெக்டர். லேபிளில் 48 வோல்ட், 0.5 ஆம்பியர். பெருக்கினால் 24 வாட். 22 வாட் சாதனத்துக்குப் போதும் என்று தோன்றும், ஆனால் வழிச்செலவைச் சேர்க்கவில்லை. நடுவில் வைத்துப் பார்க்கும் ஒரு பிஓஇ டெஸ்டரை மாட்டி, லேப்டாப்பை வைஃபையில் இணைத்து, கம்பியில் இருந்த ஒரு கணினியில் iperf3 -s ஓடவிட்டு, அதிலிருந்து பத்து நிமிடம் விடாமல் டேட்டா இழுத்தேன்:

```
iperf3 -c 192.168.1.10 -R -P 4 -t 600
```

-R முக்கியம், அது இருந்தால்தான் ஆக்சஸ் பாயின்ட் அனுப்பும் பக்கமாக வேலை செய்யும், அதற்குத்தான் அதிகக் கரண்ட் பிடிக்கும். சுமை ஏறியதும் இன்ஜெக்டரின் வாயிலேயே 48 வோல்ட் 44 ஆக இறங்கியது.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பழைய குண்டு பல்புக்கு வோல்ட் குறைந்தால் அது மங்கும், கரண்டும் குறைவாகவே இழுக்கும். ஆக்சஸ் பாயின்ட் அப்படி அடங்கிப் போகாது. அதற்குள் இருக்கும் கன்வெர்ட்டருக்கு 22 வாட் வேண்டுமென்றால் வேண்டும்தான், வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி எடுத்துக்கொள்ளும். ஆம்பியர் கூடினால் கேபிளில் இழப்பு கூடும், அதனால் வோல்ட் இன்னும் இறங்கும், அது இன்னும் இழுக்கும். 44 வோல்ட், 12 ஓம், 9 வாட் என்று கணக்குப் போட்டால் மறுமுனையில் 41 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது, பாதகமில்லை. அதையே 22 வாட்டுக்குப் போட்டால் 36.8 வோல்ட், ஆம்பியர் 0.6. லேபிளில் எழுதியிருந்த 0.5ஐத் தாண்டியாகிவிட்டது. ஒரு நொடி 24 வாட் இழுத்தால் 36. அந்தப் பெட்டி ஏறத்தாழ அந்த இடத்தில் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது. அணைந்ததும் சுமை போய்விடுகிறது, வோல்ட் துள்ளி மேலே வருகிறது, உடனே பூட் ஆகிறது.

இதே கேபிளில் சுவிட்ச் தரும் 54 வோல்ட் போனால் மறுமுனையில் 48க்கு மேல் நிற்கும். அதனால்தான் முதல் கதையில் கேபிள் மாட்டிக்கொள்ளவில்லை. அதேபோல் நல்ல செம்புக் கேபிளில் இந்த நோஞ்சான் இன்ஜெக்டரைக் கொடுத்திருந்தாலும் கிட்டத்தட்ட 40 வோல்ட் கிடைத்து எப்படியோ ஓட்டியிருக்கும், மற்றவர்கள் அந்த இன்ஜெக்டரை வேறிடத்தில் சோதித்து "நல்லாத்தானே இருக்கு" என்றதும் இதனால்தான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் தேறிவிடும், சேர்ந்தால் கவிழ்த்துவிடும். ஆகவே சோதிக்கும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், சும்மா இருக்கும்போது அல்ல, சுமையோடு: அதே இன்ஜெக்டரில் 2 மீட்டர் கேபிள் போட்டுப் பாருங்கள், பிறகு அதே நீளக் கேபிளில் வேறு இன்ஜெக்டர். குட்டைக் கேபிளிலும், நல்ல இன்ஜெக்டரிலும், பட்ஜெட் மிச்சமிருந்தும் விழுகிறது என்றால் மட்டும் ஃபர்ம்வேர் பக்கம் போங்கள்.

கடைசியில் கேபிளைச் செம்பாக மாற்றினோம், சுவிட்சை 120 வாட் பட்ஜெட் உள்ளதாக மாற்றினோம். இன்ஜெக்டரைத் தூக்கிப் போடவில்லை. இப்போது அது 10 மீட்டர் தூரத்தில் 5 வாட் இழுக்கும் ஒரு கேமராவை ஓட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே ஒரு புகாரும் இல்லை.