புனித வெள்ளி ஏன் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப் போகிறது?

கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-ஐ விட்டு நகராது, ஆனால் புனித வெள்ளி மட்டும் ஒரு வருஷம் மார்ச்சிலும் இன்னொரு வருஷம் ஏப்ரல் கடைசியிலும் வரும். காரணம், அதற்கென்று தனியாக ஒரு தேதியே கிடையாது. முதலில் ஈஸ்டரைக் கண்டுபிடித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள்: இரண்டு நாள் முன்னால் புனித வெள்ளி, மூன்று நாள் முன்னால் இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன், ஏழு நாள் முன்னால் குருத்தோலை ஞாயிறு.

சரி, ஈஸ்டரை எப்படிப் பிடிப்பது? மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமியை எடுத்துக்கொண்டு, அதற்கு அடுத்த ஞாயிறைப் பார்க்க வேண்டும். 2026-இல் அந்தப் பௌர்ணமி ஏப்ரல் 2, வியாழன். ஆக ஈஸ்டர் ஏப்ரல் 5, புனித வெள்ளி 3, குருத்தோலை ஞாயிறு மார்ச் 29. பெரிய வியாழனும் பௌர்ணமியும் அந்த ஆண்டு ஒரே நாள். பௌர்ணமியே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் ஈஸ்டர் அன்றைக்கு அல்ல, அதற்கு அடுத்த ஞாயிறுதான். 2025-இல் ஏப்ரல் 13 அப்படித்தான் குருத்தோலை ஞாயிறாகி, ஈஸ்டர் 20-க்குப் போனது.

இதை வைத்துக்கொண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டினால் 2019-இல் உதைக்கும். அந்த ஆண்டு இந்திய நேரப்படி மார்ச் 21 காலை ஏழேகால் வாக்கில் பௌர்ணமி வந்துவிட்டது. வசந்த காலத் தொடக்கமான சம இரவு நாளும் அதற்குச் சில மணி நேரம் முன்பே முடிந்திருந்தது. அப்படிப் பார்த்தால் ஈஸ்டர் மார்ச் 24 அல்லவா? நடந்ததோ ஏப்ரல் 21-இல், நான்கு வாரம் தள்ளி!

தப்பு யார் மேலும் இல்லை. திருச்சபை வானத்து நிலாவைப் பார்ப்பதில்லை, அட்டவணை நிலாவைப் பார்க்கிறது. 19 ஆண்டுகளில் ஏறக்குறைய 235 அமாவாசைகள் வந்து, நிலா பழைய தேதிகளுக்கே திரும்பிவிடும் என்பதை வைத்துப் போட்ட கணக்கு அது. 1582-இல் கிரிகோரியன் காலண்டர் வந்தபோது திருத்தி அமைத்தார்கள். அதில் சம இரவு நாள் எப்போதும் மார்ச் 21தான், மாதம் பிறந்த பதினான்காம் நாள்தான் பௌர்ணமி. 2019-ஐ 19-ஆல் வகுத்தால் மீதி 5. மீதி 5 வரும் ஆண்டுக்கு அட்டவணை சொல்லும் பௌர்ணமி மார்ச் 20. ஒரே ஒரு நாளில் தவறிப்போச்சு! அதனால் 29 நாள் கழித்து வரும் அடுத்த பௌர்ணமி, ஏப்ரல் 18-தான் கணக்கில் சேரும்.

அதே மீதி 5 மறுபடி 2038-இல் வரும். அந்த ஆண்டு ஏப்ரல் 18 ஞாயிற்றுக்கிழமை வேறு, அதனால் ஈஸ்டர் இன்னும் ஒரு வாரம் தள்ளி ஏப்ரல் 25-க்குப் போகும். அதற்கு மேல் ஈஸ்டர் தள்ளிப் போகவே முடியாது. அந்தப் புனித வெள்ளி ஏப்ரல் 23.