வேலியே பயிரை மேயும் இடம்: விண்மீன் கருந்துளையாவது எப்படி?

“எந்தப் பொருளையும் அமுக்க அமுக்க அது எதிர்த்துத் தள்ளும். விண்மீன் மட்டும் ஏன் எங்கேயும் நிற்காமல் கருந்துளை வரைக்கும் சுருங்குகிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ‘எரிபொருள் தீர்ந்தது, ஈர்ப்பு வென்றது’ என்று ஒரே வரியில் கடந்துபோகும் காணொளிகள் தொடாமல் விடும் இடம் இதுதான்.

சூரியனைப்போல் 25 மடங்கு நிறையுள்ள விண்மீனை எடுத்துக்கொள்வோம். ஹைட்ரஜனை எரித்துத் தீர்க்க அதற்குச் சுமார் 70 லட்சம் ஆண்டுகள் ஆகும். பிறகு ஹீலியம், கார்பன், நியான், ஆக்சிஜன் என்று ஒவ்வொன்றும் முந்தையதைவிட வேகமாகத் தீரும். சிலிக்கான் எரிந்து இரும்பாவது ஏறக்குறைய ஒரே நாள் வேலை. இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது. ஆகவே அடுப்பு அணைகிறது. நடுவில் ஓர் இரும்பு உருண்டை மிஞ்சுகிறது. அதன் அளவு கிட்டத்தட்டப் பூமி, நிறையோ சூரியனைவிட அதிகம்.

அடுப்பு அணைந்தும் உருண்டை உடனே விழுவதில்லை. எலக்ட்ரான்கள் அதைத் தாங்குகின்றன. ஓர் அரங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: ஓர் இருக்கைக்கு ஒருவர்தான். கீழ்த்தளம் நிரம்பினால் அடுத்தவர் மாடிக்குத்தான் ஏற வேண்டும். எலக்ட்ரானுக்கு மாடி ஏறுவது என்றால் வேகம் கூடுவது. எனவே குளிர்ந்தாலும் அவை அடங்குவதில்லை. அந்த ஓட்டமே அழுத்தமாகிறது. ஆனால் அரங்கத்தில் மாடிகளுக்கு மேல் மாடி கட்டலாம். எலக்ட்ரானின் வேகமோ ஒளியின் வேகத்தைத் தாண்டாது. அந்த எல்லையை நெருங்கியதும், அமுக்கும் அளவுக்கு எதிர்ப்பு ஏறுவதில்லை. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறைக்கு மேல் இந்த முட்டுக்கட்டை தாங்காது என்ற கணக்கின் தொடக்கம், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த 19 வயது சந்திரசேகர் போட்டது.

எல்லை தாண்டியதும் எலக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் திணிக்கப்பட்டு நியூட்ரான்களாகின்றன, எதனோடும் எளிதில் மோதாத நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் வெளியேறுகின்றன. தூண்களே கரைந்துபோன கட்டடம் அது. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பூமியளவு உருண்டை சில பத்து கிலோமீட்டருக்குள் விழுகிறது. அங்கே நியூட்ரான்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ள, விழுந்த பொருள் துள்ளி எழுகிறது. அந்த அதிர்ச்சி அலை வெளியே போகும் வழியிலேயே களைத்து நின்றுவிடும். நியூட்ரினோக்கள் போகிறபோக்கில் கொடுக்கும் சூடு அதை மறுபடி எழுப்பினால் விண்மீன் வெடித்துச் சிதறும்; அதுதான் சூப்பர்நோவா. நடுவில் மிஞ்சுவது பெரும்பாலும் நியூட்ரான் விண்மீன். எழுப்பாவிட்டால் மேலிருக்கும் பொருள் அதன்மேல் கொட்டிக்கொண்டே இருக்கும்.

வாசகரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நியூட்டனின் கணக்கில் ஈர்ப்பை உண்டாக்குவது நிறை மட்டும். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் அழுத்தமும் ஈர்க்கும். பூமியிலோ சூரியனிலோ அந்தப் பங்கைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நியூட்ரான் விண்மீனுக்குள் அழுத்தம் அவ்வளவு பெரிது என்பதால் அதை விட்டுவிட முடியாது. கூடுதல் பாரத்தைத் தாங்க அழுத்தம் கூட வேண்டும். அழுத்தம் கூடினால் ஈர்ப்பும் கூடும். அதைத் தாங்க இன்னும் அழுத்தம் வேண்டும். வேலியே பயிரை மேய்கிறது. ஒரு நிறைக்கு மேல் இந்தச் சுழல் நிற்காது. எதிர்த்துத் தள்ளுவதே வீழ்ச்சிக்கு உரமாகிவிடுகிறது. அந்த நிறையெல்லாம் ஒரு சூரியனுக்குச் சுமார் 3 கிலோமீட்டர் ஆரம் என்ற வட்டத்துக்குள் அடங்கியதும் ஒளியாலும் வெளியே வர முடியாது.

அந்த உச்ச நிறை எவ்வளவு? சூரியனைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் என்பது வரை சொல்லலாம். துல்லியமாகச் சொல்ல முடியாததற்குக் காரணம், அவ்வளவு நெருக்கத்தில் நியூட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பது ஆய்வகத்தில் செய்து பார்க்க முடியாத சங்கதி. கருந்துளையின் நடுப்புள்ளியில் அடர்த்தி முடிவிலி என்று சொல்வதும் அங்கே என்ன இருக்கிறது என்ற வர்ணனை அல்ல; சமன்பாடு கைவிரித்துவிட்டது என்றுதான் அதற்குப் பொருள்.

வெடிக்காமல் விழுந்த விண்மீனை யாராவது பார்த்திருக்கிறார்களா? NGC 6946 என்ற விண்மீன் மண்டலத்தில், சூரியனைப்போல் 25 மடங்கு நிறை கொண்டதாகக் கணிக்கப்பட்ட சிவப்பு அரக்கன் ஒன்று 2009-இல் சற்றே பிரகாசித்து, பிறகு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் காணாமல்போனது. கருந்துளைதான் என்று பலர் எழுதிவிட்டார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோ அதே இடத்தில் அகச்சிவப்பு ஒளியைக் காட்டியது. தூசிக்குள் ஒளிந்த விண்மீனாகவும் இருக்கலாம். இப்போதைக்கு அது சந்தேக நபர்தான்.

சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சி நியூட்ரினோதான். 1987-இல் பக்கத்து விண்மீன் மண்டலத்தில் வெடித்த சூப்பர்நோவாவிலிருந்து மூன்று கருவிகளில் சேர்ந்து சுமார் 25 நியூட்ரினோக்கள் சிக்கின; பத்துப் பன்னிரண்டு நொடிகளுக்கு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தன. நம் பால்வீதியிலேயே ஒரு விண்மீன் கருந்துளையானால், இன்றைய கருவிகளில் அவை ஆயிரக்கணக்கில் விழும். அடுத்தது எப்போது என்று தெரியாத ஒன்றுக்காகப் பல பத்தாண்டுகள் கருவியை விழிப்பாக வைத்திருக்கப் பணம் கேட்டால் நிதி தருபவர்கள் முகம் சுளிப்பார்கள்; ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஏனென்றால் கருந்துளையாகும் விண்மீனின் நியூட்ரினோ வரிசை மெல்லக் குறையாது. ஒளியும் தப்ப முடியாத எல்லை மூடிய கணத்தில், குழாயைத் திருகி அடைத்ததுபோல், வெடுக்கென்று நிற்கும்.