நடுவர்கள் இருவரும் ஒத்துப்போனார்களா? ஸ்பியர்மேன் எண் சொல்வதும் சொல்லாததும்

பேச்சுப் போட்டி, கோலப் போட்டி, அறிவியல் கண்காட்சி எதுவாக இருந்தாலும் பரிசளிப்பு முடிந்ததும் ஒரு முணுமுணுப்பு கிளம்பும். "அந்த நடுவர் ஒரு மாதிரி போட்டார், இவர் ஒரு மாதிரி போட்டார்" என்பார்கள். புள்ளியியல் வாத்தியார் என்பதால் மதிப்பெண் தாள் என் மேசைக்கு வந்துவிடும். "சார், ரெண்டு பேரும் ஒத்துப்போறாங்களான்னு ஒரு எண் போட்டுக் குடுங்க" என்று கேட்பார்கள். எண் போட ஐந்து நிமிடம் போதும். அதை வைத்துக்கொண்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஒரு பள்ளிப் பேச்சுப் போட்டியின் தாளையே எடுத்துக்கொள்வோம். எட்டு மாணவர்கள், இரண்டு நடுவர்கள், ஐம்பதுக்கு மதிப்பெண். மாணவர் பெயர்களை எழுத்துகளாக மாற்றியிருக்கிறேன், எண்களையும் கணக்குப் போட வசதியாகக் கொஞ்சம் எளிதாக்கியிருக்கிறேன்.

| மாணவர் | நடுவர் 1 | நடுவர் 2 | தரம் 1 | தரம் 2 |
|---|---|---|---|---|
| க | 42 | 43 | 1 | 4 |
| ச | 38 | 46 | 2 | 1 |
| ட | 35 | 45 | 3 | 2 |
| த | 31 | 44 | 4 | 3 |
| ப | 28 | 42 | 5 | 5.5 |
| ம | 25 | 42 | 6 | 5.5 |
| ய | 22 | 41 | 7 | 7 |
| வ | 18 | 40 | 8 | 8 |

முதல் நடுவர் கறார் பேர்வழி. இரண்டாமவர் யாருக்கும் நாற்பதுக்குக் கீழே போடவே இல்லை. மதிப்பெண்களை நேராக ஒப்பிட்டால் இருவரும் இரண்டு வேறு போட்டிகளைப் பார்த்த மாதிரி இருக்கும். ஆங்கிலேய உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மேன் 1904இல் எழுதிய தர ஒட்டுறவு முறை உதவுவது இங்கேதான். மதிப்பெண் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, யாரை யாருக்கு மேலே வைத்தார் என்பதை மட்டும் அது பார்க்கிறது. ஒரு நடுவரின் வரிசையில் மாணவர் பிடித்த இடமே அவருடைய தரம். இரு வரிசைகளும் முழுதும் ஒத்துப்போனால் எண் 1, முழுதும் தலைகீழானால் −1, தொடர்பே இல்லாவிட்டால் பூஜ்யத்தை ஒட்டி வரும்.

இரண்டாம் நடுவர் ப, ம இருவருக்கும் 42 போட்டிருக்கிறார். அவர்கள் ஐந்தாம், ஆறாம் இடங்களைப் பங்கிட்டுக்கொள்வதால் இருவருக்கும் சராசரித் தரம் 5.5. அடுத்தவர் ஏழாவது. இதில் கை தவறியதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. எட்டுப் பேர் என்றால் தரங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 36 வரவேண்டும். எக்செலில் பழைய RANK கட்டளையைப் போட்டால் இருவருக்கும் 5 கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு 7 கொடுக்கும், கூட்டினால் 35தான் வரும். அதனால் RANK.AVG போடுங்கள்.

இனி ஒவ்வொருவருக்கும் இரண்டு தரங்களின் வித்தியாசத்தை எடுத்து வர்க்கப்படுத்துவோம். க-வுக்கு வித்தியாசம் 3, வர்க்கம் 9. ச, ட, த மூவருக்கும் தலா 1. ப, ம இருவருக்கும் தலா 0.25. கடைசி இருவருக்கும் பூஜ்யம். மொத்தம் 12.5. பாடப்புத்தகச் சூத்திரத்தில் d என்பது அந்த வித்தியாசம், n என்பது மாணவர்களின் எண்ணிக்கை:

```
ρ = 1 − 6Σd² / (n(n² − 1))
  = 1 − 6 × 12.5 / (8 × 63)
  = 0.851
```

இந்தச் சூத்திரம் சமதரம் எதுவும் இல்லாதபோதுதான் துல்லியமானது. சமதரம் இருந்தால், தரங்களையே தரவாகக் கொண்டு சாதாரண ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடுவதே சரி. எக்செலில் ஸ்பியர்மேனுக்கென்று தனிக் கட்டளை கிடையாது. மதிப்பெண்கள் B, C பத்திகளிலும் தரங்கள் D, E பத்திகளிலும் இருந்தால் இப்படிப் போடலாம், D2, E2 இரண்டையும் ஒன்பதாம் வரிசை வரை இழுத்துவிட வேண்டும்:

```
D2:  =RANK.AVG(B2,B$2:B$9,0)
E2:  =RANK.AVG(C2,C$2:C$9,0)
     =CORREL(D2:D9,E2:E9)
```

விடை 0.850. நம் தாளில் ஒரே ஒரு சமதரம் என்பதால் வித்தியாசம் மூன்றாம் தசமத்தில்தான் தெரிகிறது. பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லி, நடுவரும் பாதிப் பேருக்கு 7 போட்டு வைத்திருந்தால் வித்தியாசம் பெரிதாகிவிடும், அங்கே சுருக்கச் சூத்திரத்தை நம்பாதீர்கள். இன்னொரு விஷயம்: ஒரு பத்திக்கு RANK.AVG கட்டளையின் கடைசி எண்ணாக 0, மற்றதற்கு 1 என்று போட்டுவிட்டால் ஒருவருக்கு அதிக மதிப்பெண் முதல் தரமாகவும், மற்றவருக்குக் குறைந்த மதிப்பெண் முதல் தரமாகவும் ஆகிவிடும். விடை −0.85 என்று வரும். பெரிய எதிர்மறை எண்ணைக் கண்டால், நடுவர்கள் ஜென்ம விரோதிகள் என்று முடிவு கட்டும் முன் அந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள்.

0.85 நல்ல எண்ணா? எட்டுப் பேரை வைத்து, இரு நடுவர்களும் ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு வரிசைப்படுத்தினாலும் ஏதோ ஒரு எண் வரத்தான் செய்யும். 5 சதவீத அளவில், இருபக்கச் சோதனையில், எட்டுப் பேருக்கான எல்லை மதிப்பு 0.738. அதாவது கண்ணை மூடிக்கொண்டு போட்ட வரிசைகளில் நூற்றுக்கு ஐந்து தடவைக்கு மேல் எண் இந்த அளவை, நேர்மறையாகவோ எதிர்மறையாகவோ, எட்டாது. நம் எண் அதைத் தாண்டுகிறது, ஆகவே இது தற்செயல் என்று சொல்வது கடினம். மூன்றே பேர் போட்டியிட்டால் கதை வேறு. மூவரை ஆறு விதமாகத்தான் வரிசைப்படுத்த முடியும். குருட்டாம்போக்கில் வரிசைப்படுத்தினாலும் ஆறில் ஒரு தடவை முழு ஒற்றுமை கிடைத்துவிடும், பாதித் தடவை எண் 0.5 அல்லது அதற்கு மேல் இருக்கும். மூன்று பேர் கொண்ட சுற்றுக்கு இந்த எண்ணைக் கேட்டால் நான் போட்டுக் கொடுப்பதில்லை.

ஆக, 0.85 கிடைத்துவிட்டது, தற்செயலும் இல்லை. ஒருங்கிணைப்பாளர் நிம்மதியாகிவிட்டார். ஆனால் இந்தத் தாளில் சண்டை எதற்கு? முதல் பரிசுக்கு. முதல் நடுவரின் முதலிடம் க. அதே க இரண்டாம் நடுவருக்கு நான்காமிடம்!

ஸ்பியர்மேன் எண்ணுக்கு முதலிடமும் ஒன்றுதான், கடைசியிடமும் ஒன்றுதான். இதே தாளைத் தலைகீழாகக் கற்பனை செய்யுங்கள். முதல் இரண்டு இடங்களில் இருவரும் முழுதும் ஒத்துப்போகிறார்கள். அடுத்த இருவருக்கு இரண்டாம் நடுவர் சம மதிப்பெண் போட்டுவிட்டார். முதல் நடுவர் கடைசியில் வைத்தவரை மட்டும் மற்றவர் ஐந்தாமிடத்துக்கு ஏற்றிவிட, இடையிலிருந்த மூவரும் ஒவ்வோர் இடம் இறங்குகிறார்கள். வர்க்கங்களின் கூட்டுத்தொகை அதே 12.5, எண்ணும் அதே 0.85. ஆனால் அந்தப் போட்டியில் பரிசு பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பரிசுக்குரிய போட்டி என்றால் எண்ணோடு கூட, இரு நடுவர்களின் முதல் மூன்று பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாக வேண்டும். இங்கே முதலாமவருக்கு க, ச, ட. இரண்டாமவருக்கு ச, ட, த.

இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று இருக்கிறது. அன்று பரிசு தரத்தை வைத்து அல்ல, மொத்த மதிப்பெண்ணை வைத்துத்தான் கொடுக்கப்பட்டது. கூட்டிப் பாருங்கள்: க 85, ச 84, ட 80, த 75, ப 70, ம 67, ய 63, வ 58. முதல் நடுவரின் வரிசை அச்சு அசலாக அப்படியே வந்திருக்கிறது. இரண்டாம் நடுவர் அன்று வராமலே இருந்திருந்தாலும் ஓர் இடம்கூட மாறியிருக்காது. காரணம் எளிது. முதல் நடுவரின் மதிப்பெண்கள் 18 முதல் 42 வரை, 24 மதிப்பெண் அகலத்துக்குப் பரவியிருக்கின்றன. இரண்டாமவருடையவை 40 முதல் 46 வரை, வெறும் 6. கூட்டும்போது யார் அகலமாகப் போடுகிறாரோ அவர் சொன்னதுதான் சட்டம். தாராளமாகப் போடுகிறவர் கை ஓங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி தாராளம் காட்டினால் அது யாரையும் ஏற்றாது, இறக்காது.

0.85 என்ற எண் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் தரமாக மாற்றிய கணமே பரவலின் அகலம் காணாமல் போய்விடுகிறது. கண்டுபிடிக்க அதே கருவியை வேறு இடத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு நடுவரின் வரிசைக்கும் இறுதி வரிசைக்கும் தனித்தனியாக ஸ்பியர்மேன் போடுங்கள். இங்கே முதல் நடுவருக்கு 1.00, இரண்டாமவருக்கு 0.85. இருவரும் சமமாக முடிவில் பங்கெடுத்திருந்தால் இரண்டு எண்களும் ஏறக்குறைய அருகருகே இருக்கும். ஒன்று மட்டும் 1-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் முடிவு ஒருவர் கையில் போய்விட்டது என்று பொருள்.

மாற்று வழிகள் இரண்டு உண்டு. தரங்களைக் கூட்டலாம்: ச-வுக்கு 3, க-வுக்கும் ட-வுக்கும் தலா 5. அல்லது ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்ணிலிருந்தும் அவருடைய சராசரியைக் கழித்து, அவருடைய திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டுக் கூட்டலாம். முதலாமவரின் திட்ட விலக்கம் 8.2, இரண்டாமவருடையது 2.0. அப்படிச் செய்தால் ச 2.53, ட 1.67, க 1.54 என்று வருகிறது. இரண்டு வழியிலும் முதல் பரிசு ச-வுக்கு. அதற்காக ச தான் சிறந்த பேச்சாளர் என்று நான் சொல்லவில்லை. கறார் நடுவர் வேண்டுமென்றேகூட அகலமாகப் போட்டிருக்கலாம், அவருக்குத் தெரிந்த வித்தியாசம் நிஜமாகவே பெரிதாக இருந்திருக்கலாம். எந்த வழி என்பதைப் போட்டிக்கு முன்பே விதியில் எழுதிவிட வேண்டும். மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு வழியைத் தேர்ந்தால், அது பரிசு பெறுபவரைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமம்.

எண் உயரமாக இருப்பதே சந்தேகத்துக்கு இடம் தருகிற நேரமும் உண்டு. நடுவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இடையிடையே "எப்படி, நல்லா பேசினான்ல?" என்று கேட்டுக்கொண்டே போட்டால் 0.95 வரும். அது இரண்டு பேருடைய கருத்து அல்ல, ஒன்றரைப் பேருடையது. தாளில் அடித்துத் திருத்திய மதிப்பெண்கள் எல்லாம் ஒரே திசையில், பக்கத்து நடுவரை நோக்கி நகர்ந்திருந்தால் அது தெரிந்துவிடும். இருவரும் தனித்தனியாகப் போட்டும் சேர்ந்தே தவறலாம். கடைசியாகப் பேசியவர்களுக்கு இருவருமே கூடுதலாகப் போட்டிருந்தால் ஒற்றுமை எண் ஏறத்தான் செய்யும். பேசிய வரிசைக்கும் ஒவ்வொரு நடுவரின் தரத்துக்கும் ஒரு ஸ்பியர்மேன் போட்டுப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

மூன்று நடுவர்கள் இருந்தால் இரண்டிரண்டு பேராக மூன்று எண்கள் வரும். மூவருக்கும் சேர்த்து ஒரே எண் வேண்டுமென்றால் கெண்டலின் W என்ற அளவை இருக்கிறது, சமதரம் இல்லாதபோது அந்த மூன்று எண்களின் சராசரியை அதிலிருந்தே பெற்றுவிடலாம். ஆனால் மூன்று எண்களையும் தனித்தனியாகப் பார்ப்பதே எனக்குப் பிடிக்கும். இருவர் ஒரு பக்கமும் ஒருவர் தனியாகவும் நிற்பது அப்போதுதான் கண்ணில் படும்.

தகுதிச்சுற்றில் நாற்பது பேர் இருந்தபோது 0.9 வந்த அதே நடுவர்களுக்கு, ஆறு பேர் கொண்ட இறுதிச்சுற்றில் 0.3 வந்துவிட்டது என்று பதறுகிறவர்களும் உண்டு. நாற்பதில் திக்கித் திணறியவரும் வெளுத்துக்கட்டியவரும் கலந்திருந்தார்கள், அவர்களைப் பிரிப்பது யாருக்கும் சுலபம். இறுதிச்சுற்றுக்கு வந்த ஆறு பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரம். சிறு ரசனை வேறுபாடுகூட வரிசையைப் புரட்டிவிடும், ஆறு பேருக்கு எல்லை மதிப்பும் 0.886. அந்த 0.3-ஐ வைத்து நடுவரை மாற்றச் சொல்லிக் கேட்டால், முதலில் தகுதிச்சுற்றில் அதே ஆறு பேரை மட்டும் தனியாக எடுத்து எண் போட்டுப் பாருங்கள் என்பேன். பல நேரம் அங்கேயும் குறைவான எண்தான் வரும்.